மகன் நிற்கும் மெஷின்

என் வீட்டுக்காரரை வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஜோசியம் எல்லாம் தெரியாது. குடிநீர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவள் நான். எங்கள் நிலையத்திலிருந்து இரண்டு பெரிய குழாய்கள் கிளம்புகின்றன. ஒன்று வீடுகளுக்கு, இன்னொன்று தொழிற்பேட்டைக்கு. எதில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக் குழாய் ஒரு நல்ல பிள்ளை. எந்த வங்கி திவாலானால் என்ன, எந்த அரசாங்கம் கவிழ்ந்தால் என்ன, மனிதன் காலையில் எழுந்து பல் துலக்கித்தானே ஆகவேண்டும். ஊர் பெருகப் பெருக அந்த எண்ணும் மெல்ல ஏறுமே தவிர, விழுந்து நான் பார்த்ததில்லை. தொழிற்பேட்டைக் குழாய்க்கு அந்த அடக்கம் கிடையாது. காலம் நன்றாக இருந்தால் கூடுதல் பம்ப் போட்டாலும் போதாது என்று இழுக்கும். காலம் கெட்டால் பாதி பம்புகளை நிறுத்திவிட்டு நாங்கள் டீ குடித்துக்கொண்டிருப்போம். இந்த முறை அது விழ ஆரம்பித்தது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் முழுக்க விழுந்தது. அடுத்த வாரமும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"உனக்கு எப்பவும் தண்ணில கண்டம். எங்க யார்டுல போய்ப் பாரு, வண்டி நிறுத்த எடம் இல்ல. அவ்வளவு உற்பத்தி."

"நிறுத்த எடம் இல்லன்னா விக்கலன்னுதானே அர்த்தம்?"

 சாப்பாடு என்ன என்று கேட்டார்.

அவர் வேலை பார்ப்பது மண் தோண்டும் ராட்சத வண்டிகள் செய்யும் கம்பெனியில். ஊர் உலகத்தில் சாலை போடுகிறார்கள், சுரங்கம் வெட்டுகிறார்கள், கட்டடம் எழுப்புகிறார்கள் என்றால் ஆளுக்கு ஒரு வண்டி கேட்டு வரிசையில் நிற்பார்கள். கொஞ்சம் நிலைமை சரியில்லை என்று தெரிந்தால் போதும், பழைய வண்டியையே இன்னும் ஒரு வருடம் ஓட்டிக்கொள்ளலாம் என்று அத்தனை பேரும் ஒரே நாளில் முடிவு செய்துவிடுவார்கள். அரிசியைத் தள்ளிப்போட முடியாது, தண்ணீரைத் தள்ளிப்போட முடியாது. புது வண்டியைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். அதனால்தான் மற்ற தொழில்கள் தும்மும்போது இவர்கள் கம்பெனி படுத்த படுக்கையாகிவிடும்.

இருபது வயதில் உள்ளே போனவர். இப்போது ஐம்பத்தேழு. அந்த முப்பத்தேழு வருடத்தில் இரண்டு முறை அவரை வெளியே அனுப்பித் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறை எங்கள் மகன் தொட்டிலில் கிடந்தான். இரண்டாம் முறை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அந்தக் காலங்களில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நல்ல காலத்தில் ஓவர்டைம் எல்லாம் சேர்த்து என்னைப்போல் இரண்டு மடங்கு வாங்குவார். அப்போது என்னைக் கிண்டல் செய்வார்.

"உன் சம்பளம் சொட்டு நீர் பாசனம்டி."

"சொட்டினாலும் தினமும் சொட்டுதில்ல?" என்பேன்.

இருவருக்கும் இதில் வருத்தம் கிடையாது. ஒரே வீட்டில் அப்படி ஒன்று இப்படி ஒன்று இருந்ததால்தான் தப்பித்தோம். அந்தப் புத்தி மகன் விஷயத்தில் எங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால், கம்பெனி உச்சத்தில் இருந்தபோது, ஆள் எடுக்கிறோம் ஆள் எடுக்கிறோம் என்று கூவினார்கள். அதே மாதம் எங்கள் நிலையத்திலும் இரண்டு இடங்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். பரீட்சை எழுத ஆள் வரவில்லை. பாதி நாற்காலி காலி. நான் மகனிடம் கெஞ்சினேன்.

"அம்மா, அங்க சேர்ந்தா உங்க வயசுல உங்க சம்பளம்தான் வாங்குவேன்," என்றான். "அப்பா மாதிரி நாலு காசு பாக்க வேணாமா?"

அவன் சொன்னது பொய்யும் இல்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குள் போனான். மெஷின் ஷாப்பில், உதிரி பாகம் கடையும் பிரிவில் போட்டார்கள். கல்யாணம் ஆயிற்று, வங்கியில் கடன் வாங்கி வீடு ஆயிற்று, இந்த வருடம் ஒரு பெண் குழந்தையும் ஆயிற்று. எல்லாம் நல்ல காலத்துச் சம்பளத்தை நம்பி.

நான் சொன்னதை இவர் நம்பாவிட்டாலும் கம்பெனி நம்பியது. முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்பினார்கள். பிறகு இரண்டு ஷிஃப்டை ஒன்றாக்கினார்கள். இவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார். கடைசியில் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைக் கோர்க்கும் பிரிவு முழுவதையும் மூடுகிறார்கள். இவர் வேலை பார்ப்பது அங்கேதான். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் மாலை சங்கத்துச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் யாரோ துரத்துவதுபோல் பேசுவார். மகனும் மருமகளும் குழந்தையோடு வந்திருந்தார்கள். செயலாளர் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி நகர்த்தி விதியைச் சொன்னார்.

"பிரிவு மூடினாலும் சீனியாரிட்டி சாகாதுண்ணே. நீங்க முன்னாடி செஞ்ச வேலை எதுவோ, அந்தப் பிரிவுக்குப் போலாம். ஆனா உங்க இஷ்டத்துக்கு யார் எடத்தையும் புடிக்க முடியாது. அங்க கடைசியா சேர்ந்தவன் யாரோ, அவன் எடம்தான். பத்து வேலை நாளுக்குள்ள சோதனை. அவனே உங்களுக்கு மெஷினச் சொல்லிக் குடுப்பான். தேறிட்டா எடம் உங்களுக்கு, அவன் வெளிய."

"நான் சின்ன வயசுல இரும்பு கடையற லேத்துல நின்னிருக்கேன்," என்றார் இவர்.

"அதான். அதனால உங்களுக்கு மெஷின் ஷாப் மட்டும்தான்." செயலாளர் குவளையைக் கீழே வைத்தார். என் மகன் முகத்தைப் பார்க்காமல், "அங்க கடைசி ஆள் தம்பிதான்," என்றார்.

மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவது நின்றது. எனக்கு வந்த கோபத்தில் செயலாளரை என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. பாவம், அவர் விதியை எழுதியவர் இல்லை. இத்தனைக்கும் அந்த விதிக்காக இருபது வருடத்துக்கு முன்னால் வாசலில் உட்கார்ந்து போராடியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வயதானவனைத் தூக்கி எறியக்கூடாது என்பதற்காக வாங்கிய விதி அது.

"அப்பா எடுத்துக்கட்டும்," என்றான் மகன். "அவருக்கு முழு பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம்தானே."

அது மூன்று வருடமே இருந்திருக்கக்கூடாது. வேலையில்லாமல் வெளியே நின்ற மாதங்களையும் கம்பெனி சர்வீஸில் சேர்த்திருந்தால் இந்நேரம் முழுதாகியிருக்கும்; சேர்க்கவில்லை. நான் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தேய்த்த ஒவ்வொரு மாதமும் என் கணக்கில் இருக்கிறது. இவர் மாடாய் உழைத்தும் அவர் கணக்கில் இரண்டு பெரிய ஓட்டை. இப்போது வெளியே வந்தால் சாகும்வரை பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், அவ்வளவுதான். ஐம்பத்தேழு வயது ஆளை எந்தப் பட்டறையும் சேர்க்காது.

"நான் வேணாம்னு சொல்லிட்டா?" என்று கேட்டார் இவர். "இவன் இருப்பான்ல?"

"அதுதாண்ணே இல்ல. நீங்க வேணாம்னா அடுத்து மீசை. அவரும் அந்தக் காலத்துல லேத்துல நின்னவர்தான். அவரும் அதே எடத்தத்தான் கேட்டிருக்கார்."

மீசை என்பவர் இவருடைய தோழர். அதே சேஸிஸ் பிரிவில் ஒரே பெஞ்சில் எதிரெதிரே நின்று பாதி ஆயுளைக் கழித்தவர்கள். இவருக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவர். அவருக்கும் பென்ஷனுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி. நான் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவர் இல்லாமல் நடந்ததில்லை.

செயலாளர் போன பிறகு யாரும் விளக்கைப் போடவில்லை. மகன் மறுபடியும் சொன்னான்.

"அப்பா, யாராவது ஒருத்தர் என் எடத்த எடுக்கத்தான் போறாங்க. அது நீங்களா இருந்துட்டுப் போங்க. நான் வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

எங்கே பார்ப்பான்? சுற்றியுள்ள சின்னப் பட்டறைகள் எல்லாம் இந்தக் கம்பெனிக்குப் போல்ட்டும் தகடும் கொடுத்துப் பிழைக்கிறவை. பெரியவன் விழுந்தால் அவை முன்கூட்டியே விழுந்திருக்கும். நிலைமை மாறினால் திரும்பக் கூப்பிடுவார்கள்தான். ஆனால் கூப்பிடுவதும் சீனியாரிட்டிப்படி. மூத்தவர்கள் எல்லாம் உள்ளே போன பிறகு இவன் முறை வரும். இரண்டு வருடத்துக்குள் வராவிட்டால் அந்த உரிமையும் செத்துப்போகும்.

மறுநாள் வெட்கத்தை விட்டு எங்கள் மேலதிகாரியிடம் போய் நின்றேன். நல்ல மனுஷி. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.

"அக்கா, இங்க யாராவது ரிட்டையர் ஆனாத்தான் எடம். அடுத்த ரிட்டையர்மென்ட்டே நீங்கதான், அதுவும் மூணு வருஷம் கழிச்சு."

"நான் நாளைக்கே போயிடறேன்னு வெச்சுக்குங்க."

"போனாலும் பரீட்சைதான். இப்பப் பரீட்சை வெச்சா எத்தனை பேர் வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? தொழிற்பேட்டையே வந்து நிக்கும்."

தெரியாமல் என்ன. அன்றைக்குப் பாதி நாற்காலி காலியாகக் கிடந்த அறை அது. நிலையான வேலை என்பது யாருக்கும் தேவைப்படாதபோது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் தேவைப்படும்போது உள்ளே இருப்பவர்கள் யாரும் நகரமாட்டார்கள். நானும் நகராமல் உட்கார்ந்திருக்கிறவள்தான். திரும்பி வந்து என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எரிச்சலாக இருந்தது.

இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், மகனின் இடத்துக்கு. எனக்கு ஆறுதலும் அருவருப்பும் ஒன்றாக வந்தது. சரி, இவர் பென்ஷன் தப்பியது, என் சம்பளமும் இருக்கிறது, மகன் குடும்பத்தை இங்கேயே கூட்டி வந்துவிடலாம், வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று மனதுக்குள் அடுப்படியை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை கொல்லைப்பக்கம் துணி எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்தார்.

"நான் தேறப்போறதில்ல," என்றார்.

"ஏன், அவ்வளவு கஷ்டமா?"

"கஷ்டம் இல்ல. தேறமாட்டேன்."

எனக்குப் புரிய சற்று நேரம் ஆயிற்று. அவர் திட்டம் இதுதான். தான் வேண்டாம் என்றால் மீசை வந்துவிடுவார். ஆகவே தான் போய் அந்த இடத்தில் அடைத்துக்கொண்டு நிற்கவேண்டும். இடம் கேட்பதற்குக் கெடு இந்த வெள்ளிக்கிழமை. மூத்தவர் தான் எடுத்துக்கொண்டால் மீசை முன்பே கேட்டது செல்லாமல் போகும், கெடுவுக்குப் பிறகு அவரால் புதிதாகக் கேட்கவும் முடியாது என்று கணக்குப் போட்டிருந்தார். பத்தாம் நாள் சோதனைக்குக் கடையும் இரும்புத் துண்டைக் கெடுத்துவிட்டால் இவர் தோற்றவர் ஆவார், இடம் பழையபடி மகனிடம் போய்விடும். மகனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒப்புக்கொள்ளமாட்டான்.

"உங்க பென்ஷன்?"

"பாதி வரும்ல. நீ இருக்க. எனக்கென்ன, ரெண்டு வேளை சோறு."

"மீசை அண்ணனுக்கு யாரு இருக்கா?"

அவர் கொடியில் தொங்கிய துண்டை இழுத்து மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"அவனப் பத்திப் பேசாத," என்றார்.

"சரி, தோத்தா எடம் இவனுக்குத்தான் திரும்பும்னு யாரு சொன்னா? செயலாளரைக் கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? சோதனைல தோத்தா என்ன ஆகும்னு நான் போய்க் கேட்டா, மறுநாளே கம்பெனி பூராத் தெரிஞ்சுடும். வேணும்னே கெடுத்தேன்னு தெரிஞ்சா பாதி பென்ஷனும் போச்சு."

"ஒப்பந்தப் புத்தகத்துல இருக்குமே."

"பாத்தேன். 'இடம் காலியானதாகக் கருதப்படும்'னு இருக்கு. காலியானா பழைய ஆளுக்குத்தானே?"

இவ்வளவு பெரிய முடிவை ஒரு 'தானே'யில் தொங்கவிட்டு நிற்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் நின்று கேட்டுக்கொண்டார். இருபது வயதிலிருந்து அந்தக் கம்பெனி உள்ளே போ என்றால் போய், வெளியே நில் என்றால் நின்ற மனிதர். வாழ்க்கையில் முதல்முறையாக அதை ஏமாற்றி ஒன்று செய்ய நினைக்கிறார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கத்த முடியவில்லை.

அப்பனும் பிள்ளையும் ஒரே மெஷினில் பத்து நாள் நின்றார்கள். வண்டிச் சக்கரத்தின் நடுவில் வரும் ஹப் கடையும் கம்ப்யூட்டர் லேத் அது. புது வண்டி விற்காவிட்டாலும் ஓடும் வண்டிக்கு உதிரி பாகம் வேண்டுமே, அதனால் அந்த ஒரு மூலையில் மட்டும் வேலை இருந்தது. இவர் காலத்து லேத்தில் கைப்பிடியைச் சுற்றினால் போதும். இதில் எல்லாம் எண்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் மகன் விடமாட்டான். சாப்பாட்டு மேசையில் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பான்.

"அப்பா, இத மட்டும் மறக்காதீங்க. புதுசா வர்ற எல்லாரும் இங்கதான் மாட்டுவாங்க. வெட்டற டூலுக்குத் திருத்தம் போடறோம்ல, வெளிப்பக்கம் கடையும்போது பிளஸ் போட்டா உலோகத்தக் கூடுதலா விட்டுவைக்கும். உள்துளைல பிளஸ் போட்டா கூடுதலாத் தின்னுடும். துளை பெருசாயிட்டா போச்சு. சின்னதா இருந்தா மறுபடி ஓட்டிக்கலாம், பெருசானத எவனாலயும் சின்னதாக்க முடியாது."

"சரிப்பா."

"எங்க, நீங்க சொல்லுங்க."

இவர் டம்ளரைக் கையில் எடுத்து, பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி ஒப்பிப்பார். பாதியில் வேண்டுமென்றே தடுமாறுவார். எனக்குத் தெரியும் அது நடிப்பு என்று. நாற்பது வருடமாக இரும்பைத் தொட்டு அளவு சொல்கிற கை அது. மகன் சலிக்காமல் மறுபடி முதலிலிருந்து சொல்வான். தன் வேலையைப் பறிக்க வந்தவருக்கு இவ்வளவு பொறுமையாக யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? நான் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன். மருமகள் என் பின்னாலேயே வருவாள்.

"அத்தை, இவர் ராத்திரி படுத்தா தூங்கறதே இல்ல. அப்பா தேறணும், அப்பா தேறணும்னு அதே பேச்சு. நான் என்ன செய்யறது? எனக்கு வாயத் தொறந்து அப்படி வேண்டிக்க முடியல அத்தை."

"வேண்டிக்க வேணாம்," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

பத்தாம் நாள் சோதனைத் துண்டு. ஆய்வாளர் பக்கத்தில் நிற்பார், மகன் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும், வாய் திறக்கக்கூடாது. இவர் வெளிப்பக்கத்தை மயிரிழை பிசகாமல் முடித்தார். உள்துளைக்குத் திருத்தம் போடும்போது மைனஸ் போடவேண்டிய இடத்தில் பிளஸ் போட்டார். ஆய்வாளர் துளைக்குள் அளவு பார்க்கும் கேஜை விட்டு, முள்ளைப் பார்த்து, துண்டின்மேல் சிவப்புப் பெயின்ட் கோடு ஒன்று இழுத்தார். முடிந்தது.

வீட்டுக்கு வந்தவர் முகத்தில் பல வருடமாக நான் பார்க்காத ஒரு களை. குளித்துவிட்டு வந்து, "இன்னும் கொஞ்சம் போடு," என்று கேட்டுச் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்து அழுதேன். அவர் முழங்கையால் என்னை இடித்து, "ஏய், இனிமே உன் சொட்டு நீர்தான். பாத்து ஊத்து," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரை நின்றது. காலையில் செயலாளர் வந்தார். கூடவே மீசை அண்ணன். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே வரச் சொல்லியும் செருப்பைக் கழற்றவில்லை.

"தோத்ததுக்கு வருத்தப்படாதீங்கண்ணே," என்றார் செயலாளர். "வயசு, என்ன பண்றது. நாங்க பேசி, உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா வாங்கித் தரப் பாக்கறோம்."

"பரவால்ல. பையனுக்கு எடம் திரும்பினா போதும்," என்றார் இவர்.

செயலாளர் மீசை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"தம்பிக்கு எப்படித் திரும்பும்? சோதனைல தோத்தா எடம் காலி. காலியானா, அதே எடத்தக் கேட்டுக் காத்திருக்கறவங்கள்ல அடுத்தவருக்குப் போகும். கெடு முடியறதுக்குள்ள கேட்டவங்க உரிமை, சோதனை முடியற வரைக்கும் உயிரோட இருக்கும்ணே. திங்கக்கிழமை மீசை அண்ணன் ஆரம்பிக்கறார்."

இவர் எழுந்திருக்கப் பார்த்தார்.  நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். பத்து நாளைக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் தேறியிருப்பார், பென்ஷனாவது மிஞ்சியிருக்கும். கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று கேட்கவில்லை. இப்போது வீட்டில் இரண்டு பேரும் வெளியே.

"டேய்," என்றார் மீசை அண்ணனைப் பார்த்து. 

அண்ணன் வாசற்படியில் நின்றபடியே பேசினார். 

"நான் எடுக்கலன்னா எனக்குப் பின்னாடி இருக்கறவன் எடுப்பான்டா. அவனும் வேணாம்னா அதுக்குப் பின்னாடி ஒருத்தன். உன் பையன் வரைக்கும் வராது. என் நிலைமை உனக்குத் தெரியும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

 நான் எத்தனையோ பேரை வாசலில் நிற்க வைத்துக் கிழித்திருக்கிறேன். அந்த மனிதரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தால், திட்டுவதற்கு அவரிடம் ஒரு தப்பும் இல்லை. செயலாளரிடம் இல்லை, விதியிடமும் இல்லை. வண்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கேயோ எந்த ஊரிலோ இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும். எனக்குத் திட்ட ஆளே இல்லாமல் போய்விட்டது. "உள்ள வாங்கண்ணே, டீ போடறேன்," என்றேன். அவர் வரவில்லை.

மத்தியானம் மகன் வந்தான். அவனுக்கும் செய்தி போயிருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். 

"அந்த பிளஸ் மைனஸ்தானே அப்பா?"

"ம்."

"அது வெளிப்பக்கம் முடிச்ச கையோட உள்பக்கம் போறதால வர்ற தப்பு. அங்க ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும்னு நான் சொல்லியிருக்கணும். டம்ளர வெச்சுச் சொன்னேனே தவிர, மெஷின்ல நின்னு அந்த எடத்துல சொல்லல." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருந்தா உங்க பென்ஷன் போயிருக்காது."

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால், தனக்காக அப்பா நாற்பது வருடத்தைத் தூக்கி எறிந்தார், அதுவும் வீணாக என்று அவன் ஆயுள் முழுக்கச் சுமப்பான். சொல்லாவிட்டால் தன்னால்தான் போயிற்று என்று சுமப்பான். எதைச் சொன்னாலும் பிள்ளைக்குத்தான் பாரம். 

"நீ நல்லாத்தான்பா சொன்ன," என்றார் இவர். "என் மண்டைலதான் ஏறல."

மகன் தலையாட்டினான். நம்பவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"மாமாவுக்காவது சரியாச் சொல்லித் தரணும்."

மீசை அண்ணனை அவன் மாமா என்றுதான் கூப்பிடுவான். திங்கட்கிழமை அவர் பக்கத்தில் போய் நின்றான். இந்த முறை டம்ளர் எல்லாம் இல்லை. மெஷின் முன்னாலேயே நிறுத்தி, உள்துளைக்குப் போகும் முன் கையைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னானாம். மீசை அண்ணன் பத்து நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாம் நாளே தேறிவிட்டார்.